அடமானம் என்று சொல்லி கிரயம் எழுதி வாங்கினால்

தனியாரிடம் கடன் வாங்கி நிலத்தை இழந்தவர்களில் பலர், வட்டி கட்டத் தவறியதால் மட்டும் இழக்கவில்லை. அடமானம் என்று நினைத்துக் கிரயப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டதால் இழந்தார்கள்.

ஒருவர் 2 ஏக்கர் நஞ்சையை வைத்து, நூற்றுக்கு மாதம் 2 ரூபாய் வட்டியில் 5 லட்சம் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். "நம்பிக்கைக்காகத்தான்" என்று சொல்லிக் கடன் கொடுப்பவர் கிரயம் எழுதிப் பதிவு செய்துகொள்கிறார். "பணம் கட்டியதும் திருப்பி எழுதித் தருகிறேன்" என்று தனியாக ஒரு தாளில் கையெழுத்தும் போடுகிறார். மாதம் 10,000 வீதம் மூன்று ஆண்டில் 3,60,000 ரூபாய் வட்டி போய்விடுகிறது, அசல் அப்படியே நிற்கிறது. அதற்குள் பட்டா கடன் கொடுத்தவர் பெயருக்கு மாறி, நிலமும் மூன்றாவது ஆளுக்குக் கைமாறியிருக்கலாம்.

அந்தத் தாள் ஏன் காப்பாற்றாது? சொத்து மாற்றுச் சட்டம், 1882-இன் 58-ஆம் பிரிவுப்படி, திருப்பித் தரும் நிபந்தனை அதே கிரயப் பத்திரத்துக்குள் இருந்தால்தான் அதை அடமானமாகக் கருத முடியும். தனித் தாளில் இருந்தால் பத்திரம் விற்பனையாகவே நிற்கும். கடனுக்காக எழுதியது என்று நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில்தான் விழும். கிரய ஒப்பந்தம், பொது அதிகாரப் பத்திரம் என்று கேட்டாலும் இதே எச்சரிக்கை தேவை. கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை அடமானத்தைவிடப் பல மடங்கு. அதைத் தன் கையிலிருந்து கட்டவும் ஒருவர் முன்வந்தால், அவர் கண் வட்டியில் இல்லை, நிலத்தில் இருக்கிறது.

கேட்டு வாங்க வேண்டியது சுவாதீனமில்லாத அடமானப் பத்திரம். நிலம் உங்கள் கையிலேயே இருக்கும், பயிரும் உங்களுடையது. 100 ரூபாயோ அதற்கு மேலோ உள்ள கடனுக்கு இது இரண்டு சாட்சிகளோடு பதிவாக வேண்டும். அசல், வட்டி விகிதம், கெடு, சர்வே எண், பரப்பு ஆகியவை எழுத்தில் வர வேண்டும். எதையும் வெற்றிடமாக விட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். கெடு தவறினாலும் அவர் தானாக நிலத்தை எடுத்துக்கொள்ள முடியாது. வழக்குப் போட்டு, தீர்ப்பு வாங்கி, ஏலம் வழியாகத்தான் வசூலிக்க வேண்டும். "கெடு தாண்டினால் நிலம் எனக்கே" என்று அடமானப் பத்திரத்தில் எழுதியிருந்தாலும் அந்த வரி செல்லாது.

கட்டும் ஒவ்வொரு தொகைக்கும் ரசீது வாங்குங்கள். வங்கி வழியாக அனுப்பினால் இன்னும் நல்லது. முழுத் தொகையையும் கொடுக்கப் போனபோது வாங்க மறுக்கிறாரா? அதே சட்டத்தின் 83-ஆம் பிரிவுப்படி பணத்தை நீதிமன்றத்தில் கட்டலாம்.

கடன் தீர்ந்த அன்றே மூலப் பத்திரத்தைத் திரும்ப வாங்கி, அடமான ரத்து ரசீதைப் பதிவு செய்யுங்கள். பிறகு வில்லங்கச் சான்று எடுத்து, அதில் ரத்து ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏறாதவரை அந்த நிலத்தை வைத்து வங்கியில் பயிர்க்கடன் கேட்டாலும் பழைய அடமானம் குறுக்கே நிற்கும்.