250 ஓம் ஹெட்போனும் கண்ட்ரோலர் துளையும்: ஆம்ப் வாங்குவதற்கு முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற சாரல் பருவத்தில் புனலூரிலிருந்து செங்கோட்டைக்கு வந்திருந்த என் அக்கா மகன், புதிதாக வாங்கிய பேயர்டைனமிக் டிடி 990 ப்ரோ ஹெட்போனையும் தன் பிளேஸ்டேஷன் 5 கருவியையும் பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தான். அது 250 ஓம் வகை. "மாமா, ஆம்ப் இல்லாம இது வேலைக்கே ஆகாதுன்னு கடையில சொல்றாங்க, கண்ட்ரோலர்ல சொருகினா சத்தம் சோப்ளாங்கியா இருக்கு" என்பது அவன் புகார். ஹெட்போனின் விலையில் பாதிக்கு ஒரு ஆம்பையும் சேர்த்து வாங்கும்படி கடைக்காரர் சொல்லியிருக்கிறார். அவர் சொன்னதில் கொஞ்சம் உண்மை இருந்தது. ஆனால் அந்த உண்மை ஓம் என்ற எண்ணுக்குள் இல்லை.

முதல் தவறு, ஓம் எண்ணை மட்டும் பார்த்துத் தீர்ப்பு எழுதுவதுதான். ஓம் என்பது மின்னோட்டத்துக்கு ஹெட்போன் காட்டும் தடை. தடை கூடினால் கண்ட்ரோலரிலிருந்து ஹெட்போன் இழுக்கும் மின்னோட்டம் குறையும். ஆகவே 250 ஓம் ஹெட்போன், கண்ட்ரோலருக்குள் இருக்கும் சின்னஞ்சிறு ஆம்ப் சில்லுக்குப் பாரமே இல்லை. அது திணறவோ கரகரக்கவோ காரணமில்லை. அத்தகைய ஹெட்போன் கேட்பது மின்னழுத்தத்தை, அதாவது வோல்ட்டை. பேட்டரியில் ஓடும் சிறு கருவியால் தர முடிகிற வோல்ட்டுக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. அந்த வரம்பை எட்டிய பிறகு சத்தம் அதற்கு மேல் ஏறாது. பிரச்சினை என்று ஒன்று இருந்தால், அது இவ்வளவுதான்.

கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்தால் பயம் தெளியும். கண்ட்ரோலரின் துளை எத்தனை வோல்ட் தரும் என்பது பெட்டியில் அச்சிடப்படுவதில்லை. கணக்கிற்காக அரை வோல்ட் என்று வைத்துக்கொள்வோம். வோல்ட்டை வர்க்கமாக்கி ஓமால் வகுத்தால் திறன் கிடைக்கும். 0.5 வோல்ட்டின் வர்க்கம் 0.25, அதை 250 ஆல் வகுக்க 0.001 வாட், அதாவது சரியாக ஒரு மில்லிவாட். டிடி 990 ப்ரோவுக்கு ஒரு மில்லிவாட் கொடுத்தால் 96 டெசிபல் சத்தம் எழும் என்று தயாரிப்பாளர் குறிப்பிடுகிறார். அதே 96 டெசிபல் உணர்திறனோடு 32 ஓம் வகை ஒன்று இருந்தால், அதே அரை வோல்ட் சுமார் 7.8 மில்லிவாட்டாகி 105 டெசிபலுக்கு அருகே செல்லும். ஆக, 32 ஓமுக்கும் 250 ஓமுக்கும் இடையே உள்ள வித்தியாசம் ஏறத்தாழ ஒன்பது டெசிபல். பத்து டெசிபல் கூடினால் சத்தம் இரு மடங்காகக் காதில் படும் என்பது பொதுக்கணக்கு. எனவே 250 ஓம் வகை பாதியளவு சத்தமாகத் தோன்றும். "வேலைக்கே ஆகாது" என்பதற்கும் இதற்கும் வெகுதூரம்.

இதற்கு நேர்மாறான உதாரணம் ஒன்றும் உண்டு. ஹைஃபைமேன் ஹெச்இ6 என்ற ஹெட்போனின் தடை வெறும் 50 ஓம். ஆனால் ஒரு மில்லிவாட்டுக்கு அது எழுப்பும் சத்தம் 83.5 டெசிபல்தான். அரை வோல்ட்டில் அதற்கு ஐந்து மில்லிவாட் கிடைத்தாலும் 90.5 டெசிபலோடு நின்றுவிடும். மின்னோட்டமோ 250 ஓம் ஹெட்போன் இழுப்பதைப் போல ஐந்து மடங்கு. ஓம் குறைவு என்பதற்காக அதை எளிதானது என்று நினைப்பவர் ஏமாறுவார். உணர்திறன் எண்ணைப் படிக்கும்போது இன்னொரு கண்ணியும் காத்திருக்கிறது. சில நிறுவனங்கள் அதை ஒரு மில்லிவாட்டுக்கும், சில நிறுவனங்கள் ஒரு வோல்ட்டுக்கும் தருகின்றன. 300 ஓம் சென்ஹைசர் எச்டி 600-க்கு 97 டெசிபல் என்று போட்டிருப்பது ஒரு வோல்ட்டுக்கு உரியது. அரை வோல்ட்டில் அது 91 ஆகிவிடும். 96-ஐயும் 97-ஐயும் பக்கத்தில் வைத்து இரண்டும் ஒன்றுதான் என்று சொல்வது, படியையும் கிலோவையும் ஒரே தராசில் வைப்பதைப் போன்றது.

அடுத்த தவறு, பாட்டுப் போட்டுச் சோதித்துவிட்டு விளையாட்டுக்கும் அதுவே போதும் என்று முடிவுகட்டுவது. அல்லது விளையாட்டில் சத்தம் குறைவாக இருப்பதைக் கண்டு ஹெட்போனைக் குறை சொல்வது. இதுதான் பெரும்பாலான குழப்பத்தின் வேர் என்பது என் கணிப்பு. இன்றைய திரைப்பாடல்கள் முழு அளவுக்கு நெருக்கமாக அழுத்திப் பதிவுசெய்யப்படுகின்றன. விளையாட்டுகளில் அப்படியில்லை, வீட்டுக் கருவிகளுக்கான விளையாட்டின் சராசரிச் சத்தம் முழு அளவிலிருந்து 24 டெசிபல் தாழ்ந்திருக்க வேண்டும் என்று சோனியின் ஒலி வழிகாட்டுதல் பரிந்துரைக்கிறது. வெடிச்சத்தத்துக்கும் துப்பாக்கிச் சத்தத்துக்கும் மேலே இடம் விட்டுவைப்பதே அதன் நோக்கம். ஆகவே நம் கணக்கில் உச்சம் 96 டெசிபல் என்றால், பேச்சும் காலடி ஓசையும் நிறைந்த சாதாரண ஆட்டம் 70-க்குச் சற்று மேலேதான் கேட்கும். அமைதியான அறையில் அது தாராளம். பாட்டு அதே அளவில் பத்து, பதினைந்து டெசிபல் உரக்கக் கேட்கும். அதைக் கேட்டுப் பழகிய காதுக்கு விளையாட்டு சோர்ந்துபோனதாகத் தெரியும்.

'அமைதியான அறையில்' என்ற அந்தச் சொல்தான் எங்கள் ஊரில் இடறுகிறது. டிடி 990 ப்ரோ பின்புறம் திறந்த வகை. வெளிச்சத்தம் தடையின்றி உள்ளே வரும். ஆரியங்காவுக் கணவாய் வழியே காற்று இறங்கும் மாதங்களில் தகரக் கூரையில் சாரல் விழும் ஓசையும், ஐந்தில் சுற்றும் மின்விசிறியும் சேர்ந்தால் மென்மையான ஒலிகளெல்லாம் அவற்றுக்கு அடியில் புதைந்துபோகும். அப்போது தாழ்சுருதி மெலிந்துவிட்டதாகவும் தோன்றும்; ஏனென்றால் சத்தம் குறையக் குறைய மனிதக் காது முதலில் இழப்பது தாழ்சுருதியைத்தான். "ஆம்ப் போட்டதும் ஒலி திறந்துகொண்டது" என்று பலர் எழுதுவதில் பெரும்பங்கு, சத்தம் கூடியதால் ஏற்பட்ட இந்த மயக்கமே. இரண்டையும் ஒரே சத்த அளவில் வைத்து ஒப்பிட்டால் வித்தியாசம் பெரும்பாலும் மறைந்துவிடும்.

மூன்றாவது தவறு சிரிப்பை வரவழைக்கும்; ஆனால் அக்கா மகன் செய்தது இதைத்தான். தொலைக்காட்சியின் சத்தத்தை முழுவதும் ஏற்றிவைத்துக்கொண்டு ஹெட்போன் சத்தமும் முழு அளவில் இருப்பதாக நம்பிக்கொண்டிருந்தான். கண்ட்ரோலர் துளைக்குச் செல்லும் சத்தத்தை ஆள்வது தொலைக்காட்சி ரிமோட் அல்ல, கருவியின் ஒலி அமைப்புக்குள் இருக்கும் ஹெட்போன் அளவுகோல். அது பாதியில் நின்றுகொண்டிருந்தது. அதே பகுதியில் `Output to Headphones` என்று ஒரு தேர்வு உண்டு. அது `Chat Audio` என்றிருந்தால் நண்பர்களின் பேச்சு மட்டுமே வரும், `All Audio` என்று மாற்றினால்தான் விளையாட்டின் ஒலி வரும். கூடவே பிளக்கையும் பார்க்க வேண்டும். இந்த ஹெட்போனின் கனத்த சுருள் கம்பி, மடியில் வைத்திருக்கும் கண்ட்ரோலரைக் கீழ்நோக்கி இழுத்து, பிளக்கை ஒரு மயிரிழை வெளியே நகர்த்திவிடும். ஒரு காதில் மட்டும் கேட்பதும், குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் ஒலிப்பதும் அதனால்தான்.

வோல்ட்டை அளந்து பார்த்துவிடலாம் என்று மல்டிமீட்டரை எடுப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. எலக்ட்ரீசியன்களின் பையில் இருக்கும் மலிவான மஞ்சள் மீட்டர்களில் மாறுமின்னழுத்தத்துக்கு உரிய மிகக் குறைந்த வரம்பே 200 வோல்ட். அரை வோல்ட்டை அதில் நம்பிப் படிக்க முடியாது. 2 வோல்ட் வரம்புள்ள மீட்டர் கிடைத்தால், ஹெட்போன் இணைந்திருக்கும்போதே 100 ஹெர்ட்ஸ் அளவிலான சோதனை ஒலியை முழு அளவில் ஓடவிட்டு அளக்கலாம். அதைவிட எளிய சோதனை காதுதான். மின்விசிறியை நிறுத்தி, அளவுகோலை மெல்ல ஏற்றி, ஆட்டத்தின் பேச்சு வசதியாகக் கேட்கும் இடத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். அது முக்கால் பங்குக்குள் அமைந்துவிட்டால் ஆம்புக்குத் தேவையில்லை. முழுவதும் ஏற்றிய பிறகும் இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று கை தவித்தால் தேவை இருக்கிறது.

தேவை இருக்கும்போது நடக்கும் தவறு, மேசை ஆம்பைக் கொண்டுவந்து கண்ட்ரோலர் துளையிலேயே மாட்டுவது. சத்தம் ஏறும், சந்தேகமில்லை. ஆனால் கண்ட்ரோலருக்குள்ளிருந்து வரும் மெல்லிய 'ஸ்ஸ்' இரைச்சலையும் ஆம்ப் சேர்த்தே பெருக்கும். கருவியின் அளவுகோலைக் கீழே வைத்து ஆம்பை மேலே திருகினால் இரைச்சல் இன்னும் மோசமாகும். கருவியில் அளவு ஏறத்தாழ முழுவதும், ஆம்பில் குறைவாக என்பதே சரியான வரிசை. மேலும், சாதாரண மூன்று பட்டைக் கம்பி வழியே ஆம்புக்குப் போனால் மைக்குக்கு உரிய தொடர்பு அங்கேயே அறுந்துவிடும். பேச வேண்டுமென்றால் கண்ட்ரோலரிலேயே உள்ள மைக்கை நம்ப வேண்டியதுதான். கையில் ஒரு கருவி, அதிலிருந்து கம்பி, கம்பியின் முனையில் கனமான பெட்டி என்றால் விளையாடுவதும் சள்ளைதான்.

பிளேஸ்டேஷன் 5-இல் இதற்கு நல்ல மாற்றுவழி உண்டு. டாக் என்பது எண்களாக வரும் ஒலியை ஹெட்போனுக்கு ஏற்ற மின்னலையாக மாற்றும் சிறு பெட்டி; ஹெட்போன் ஆம்பும் உள்ளே கொண்ட யுஎஸ்பி டாக் ஒன்றைக் கருவியிலேயே செருகிவிட்டால் கண்ட்ரோலர் துளை வழியே செல்ல வேண்டியதில்லை. ஆனால் அது பழைய யுஎஸ்பி ஒலி முறையின் முதல் பதிப்பில் இயங்கக்கூடியதாக இருக்க வேண்டும். சில டாக்குகளில் அதற்கென்று ஒரு சிறு சுவிட்ச் இருக்கும், அதை மாற்ற மறந்தால் கருவி அதைக் கண்டுகொள்ளாது. எக்ஸ்பாக்ஸ் கருவிகள் இத்தகைய டாக்கை ஏற்பதில்லை. அங்கே தொலைக்காட்சியின் ஆப்டிகல் துளையிலிருந்து எடுப்பதே நடைமுறைக்கு உகந்தது.

அக்கா மகன் விஷயத்தில், அளவுகோலை ஏற்றி, பிளக்கை அழுத்திச் செருகிய பிறகு, இரவில் மின்விசிறி இரண்டில் சுற்றும்போது முக்கால் பங்கிலேயே அவன் திருப்தியடைந்தான். மறுநாள் மாலை மழை வலுத்ததும் முழு அளவும் போதவில்லை. ஒரு நண்பரிடமிருந்து சிறிய யுஎஸ்பி டாக்கை இரவல் வாங்கிக் கொடுத்தேன். பெருக்க அளவைக் குறைந்த நிலையில் வைத்து, திருகியைக் கால் பங்குக்குத் திருப்பியபோதே "போதும் மாமா" என்று கையை உயர்த்திவிட்டான். புனலூருக்குத் திரும்பும்போது ஆம்ப் வாங்கும் பணத்தை என்ன செய்வான் என்று அக்கா கேட்டதற்கு, கூரைக்குக் கீழே தெர்மாகோல் அடிக்கப் போவதாகச் சொன்னான்.