அப்பாவின் ஷூ லேஸ் அவிழாமல் இருக்க

அப்பா நடைப்பயிற்சிக்குப் போகும் ஷூவில் இருந்தது உருண்டையான பாலியெஸ்டர் லேஸ். வழவழப்பு அதிகம், ஒன்றோடொன்று உரசும் பரப்பு குறைவு, அதனால் தெருமுனை தாண்டுவதற்குள் முடிச்சு தளர்ந்துவிடும். இரட்டை முடிச்சு போட்டோம், அவிழவில்லைதான், ஆனால் திரும்பி வந்ததும் குனிந்து அதைப் பிரிக்க அவரால் முடியவில்லை. அப்புறம் தட்டையான பருத்தி லேஸ் மாற்றினேன். முடிச்சு நன்றாகப் பிடித்தது, ஆனால் குனிகிற பிரச்சினை அப்படியே இருந்தது.

கடைசியில் கட்டவே தேவையில்லாத எலாஸ்டிக் லேஸ் வாங்கினேன், முடிச்சுக்குப் பதில் சின்னப் பூட்டு ஒன்று முனைகளைப் பிடித்துக்கொள்ளும். காலையில் அவரை உட்கார வைத்துக் கோர்த்து இறுக்கிக் கொடுத்தேன், மாலைக்குள் வலி. வயதானவர்களுக்குச் சாயங்காலம் பாதம் சற்று வீங்கும் என்பதால் மாலையில் நிற்க வைத்து மறுபடி சரிசெய்தேன். விரல் பக்கத் துளைகளில் தளர்வாகவும், மேலே கணுக்கால் பக்கத் துளைகளில் மட்டும் கொஞ்சம் இறுக்கமாகவும் விட்டால் வலியும் இல்லை, குதிகாலும் நழுவவில்லை.

இதில் பலரும் கவனிக்காதது, மிச்சத்தை வெட்டும் இடம். லேஸை இழுத்துப் பிடித்தபடி வெட்டினால் உள்ளே இருக்கும் ரப்பர் சுருங்கி, முனை பூட்டுக்குள்ளிருந்து வெளியே வந்துவிடும். இரண்டு நாள் நடக்கவிட்டு, இழுக்காமல், பூட்டிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் தள்ளி வெட்ட வேண்டும்.

பின்பக்கம் மிதிபடாமல் இருக்க ஷூ மாட்டும் கரண்டி இன்னும் வேண்டும்தான், நீளமானதாகப் பார்த்து வாங்கினோம். என் பையனின் பள்ளி ஷூவுக்கும் இதே லேஸ்தான் இப்போது, அவன் கால் வளர வளர பூட்டைத் தளர்த்த வேண்டியிருப்பதால் அதை மட்டும் நான் வெட்டவில்லை, மிச்சத்தை உள்ளே செருகி வைத்திருக்கிறேன்.