இறுதியாண்டு புராஜெக்ட்: தலைப்பு வைக்கும்போதே நடக்கும் தவறுகள்

ஆண்டு தவறாமல் வரும் தலைப்பு ஒன்று உண்டு: ‘இலையின் படத்தைப் பார்த்துப் பயிர் நோயைக் கண்டறியும் செயலி.’ வழிகாட்டி ஆசிரியர் “இதில் புதிதாக என்ன இருக்கிறது?” என்று கேட்டதும் குழு பதறிப்போய்த் தலைப்புக்கு வால் கட்டத் தொடங்குகிறது. முதலில் ட்ரோன், அடுத்து மண் ஈரத்தை அளக்கும் சென்சார், கடைசியில் குரல்வழிப் பரிந்துரை. ஒவ்வொன்றும் தனியே ஒரு செமஸ்டரை விழுங்கக்கூடிய வேலை. எல்லாவற்றையும் ஒட்டவைத்து ஓட்டிக் காட்டினாலும் “இதனால் என்ன தெரியவந்தது?” என்ற கேள்விக்குப் பதில் இருக்காது.

வால் கட்டுவதற்குப் பதிலாக, அதே தலைப்பில் ஏற்கெனவே என்ன நடந்திருக்கிறது என்று ஒரு வாரம் படித்தாலே போதும். இந்தத் துறையில் எல்லோரும் எடுத்தாளும் படத்தொகுப்பு பிளான்ட்வில்லேஜ். 54,306 இலைப் படங்கள், 38 வகைகள். 2016இல் வெளியான ஆய்வு ஒன்று இதில் 99.35 சதவீதத் துல்லியம் காட்டியது. ஆனால், வேறு சூழலில் எடுத்த படங்களைக் கொடுத்தபோது துல்லியம் சுமார் 31 சதவீதத்துக்குச் சரிந்ததையும் அதே கட்டுரை சொல்கிறது. மாணவர்கள் முதல் எண்ணோடு நிறுத்திக்கொள்கிறார்கள். 2022இல் இன்னொரு ஆய்வாளர் படத்தின் பின்னணியிலிருந்து வெறும் 8 பிக்சல்களை மட்டும் எடுத்து, நோயைக் கணிக்கும் ஒரு மாடலுக்குப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார். இலையே கண்ணில் படாத அந்த மாடல் 49 சதவீதம் சரியாகச் சொன்னது. குத்துமதிப்பாகச் சொல்லியிருந்தால் 3 சதவீதம்கூடத் தேறியிருக்காது. அதாவது, நோயோடு சேர்த்துப் படம் எடுத்த மேசையையும் வெளிச்சத்தையும் மாடல் மனப்பாடம் செய்ய முடிகிறது.

நல்ல தலைப்பு இந்த ஓட்டையில்தான் கிடைக்கும். தக்காளி இலை, அதில் இரண்டு நோய்களும் நோயற்ற நிலையும் என்று மூன்றே வகைகளை எடுத்துக்கொள்வோம். கேள்வி இது: ‘பயிற்சிப் படங்களில் பின்னணியை நீக்கிவிட்டால், வயலில் எடுத்த படங்களில் துல்லியம் எவ்வளவு மீள்கிறது?’ ட்ரோனும் வேண்டாம், செயலியும் வேண்டாம். துல்லியம் மீளவே இல்லை என்றாலும் அது சொல்லத்தக்க முடிவுதான். எந்த விடை வந்தாலும் தோற்றுப்போகாத கேள்வியாக அமைவது ஒரு செமஸ்டர் வேலைக்குப் பெரிய பாதுகாப்பு.

கேள்வி தெளிவாக இருக்கிறதா என்று பார்க்க, முடிவு அட்டவணையை இப்போதே வெறுமையாக வரைந்துவிடுங்கள். இங்கே வரிசைகள் இரண்டு: பின்னணியோடு பயிற்சி பெற்றது, பின்னணி நீக்கிப் பயிற்சி பெற்றது. நெடுவரிசைகளும் இரண்டு: தொகுப்பிலுள்ள படங்களில் துல்லியம், வயல் படங்களில் துல்லியம். நிரப்ப வேண்டியவை நான்கே கட்டங்கள். எந்தக் கட்டத்தில் எந்த எண் வரும் என்று எழுத முடியாவிட்டால் தலைப்பு இன்னும் பிடிபடவில்லை.

அடுத்த தவறு, தரவைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவது. வயல் படங்கள் 60 மட்டும் கிடைத்தன என்று வையுங்கள். துல்லியம் 80 சதவீதம் என்று வந்தால், உண்மை அதற்கு மேலோ கீழோ 10 புள்ளிகள் வரை தள்ளி இருக்கலாம். இரண்டு முறைகளுக்கு இடையே 5 புள்ளி வித்தியாசம் என்பது வெறும் மூன்று படங்கள். அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. 240 படங்கள் இருந்தால் அந்தத் தள்ளாட்டம் பாதியாகக் குறையும். படங்களை ஒரே செடியில் கோணம் மாற்றி மாற்றி எடுத்துச் சேர்ப்பதிலும் பயனில்லை. ஒரே இலையின் படங்கள் பயிற்சியிலும் சோதனையிலும் கலந்துவிட்டால் துல்லியம் பொய்யாக ஏறும். படவாரியாகப் பிரிக்காமல் செடிவாரியாகப் பிரிக்க வேண்டும். எதிர்பாராமல் 98, 99 என்று வந்தால் மகிழ்வதற்கு முன் சந்தேகிக்க வேண்டிய இடம் இதுதான்.

நாள்கணக்கிலும் பலர் ஏமாறுகிறார்கள். 16 வார செமஸ்டரில் தேர்வுகள், மதிப்பாய்வுகள், அறிக்கை எழுதுவது எல்லாம் போக வேலைக்கு 9 அல்லது 10 வாரங்கள் மிஞ்சினால் பெரிது. அதற்குள் நோய் வரும் பருவமும் அமைய வேண்டும்; படம் எடுக்கப் போகும் மாதத்தில் இலைகள் பச்சைப்பசேல் என்று இருந்தால் அதற்கு மென்பொருளில் மருந்து கிடையாது.

ஆகவே, தலைப்பை எழுதிக் கொடுப்பதற்கு முன் ஒரு நாள் வயலுக்குப் போய் 20 படங்கள் எடுத்து வாருங்கள். ஒவ்வொன்றும் எந்த நோய் என்று குழுவில் இருவர் தனித்தனியே குறிக்கட்டும். இருவர் குறிப்பும் ஆறேழு படங்களில் ஒத்துப்போகவில்லை என்றால், பயிர் நோயியல் தெரிந்த ஒருவர் உடனிருந்தால் மட்டுமே இந்தத் தலைப்பை எடுக்கலாம். அப்படி யாரும் கிடைக்காவிட்டால், கண்ணால் பார்த்தே பிரிக்கக்கூடிய வேறு இரண்டு நோய்களுக்கு மாறுங்கள்.