பிளவுஸை விட்டுக் குஞ்சத்துக்கு மாறினேன்

மாமியாருக்கு மறதி நோய். வீட்டிலிருந்தபடியே பிளவுஸ் தைத்துக்கொண்டிருந்தேன். சொன்ன தேதிக்கு ஒன்றும் முடியவில்லை. வெட்டும்போது பாதியில் எழுந்து போய், திரும்பி வந்து இரண்டு கையையும் ஒரே பக்கத்துக்கு வெட்டிவிட்டேன். துணிக்கு என் பணத்தைக் கொடுத்தேன்.

மாலை 5 மணிக்கு டியூஷன் எடுத்துப் பார்த்தேன். பொழுது சாயும்போதுதான் அத்தை "வீட்டுக்குப் போகணும்" என்று வாசலுக்கு நடப்பார். இரவில் தைத்தால் மெஷின் சத்தத்தில் விழித்துக்கொள்வார்.

அப்புறம் ஒரு வாரம், அத்தைக்காக வேலையை விட்டு எழுந்த நேரத்தையெல்லாம் நோட்டில் குறித்தேன். ஒரு நாளைக்கு வேலை செய்ய மொத்தம் 3 மணி நேரம் கிடைத்தது. ஆனால் சேர்ந்தாற்போல 20 நிமிடம் தாண்டவில்லை. பிளவுஸ் வெட்ட எனக்கு 40 நிமிடம் வேண்டும். நேரம் குறைவு என்று நினைத்தது தவறு, துண்டு துண்டாக இருந்ததுதான் சிக்கல்.

வெட்டுவதை நிறுத்திவிட்டு, சேலைக்குக் குஞ்சம் கட்டுவதை மட்டும் எடுத்தேன். ஒரு முடிச்சுக்கு இரண்டு மூன்று நிமிடம்தான், எந்த முடிச்சிலும் விட்டுப் போகலாம். சத்தமும் இல்லை.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். அத்தைக்குத் தைலம் தேய்த்த கையோடு பட்டைத் தொட்டால் கறை விழும். சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்த பிறகே தொடுகிறேன். ஊசியை எண்ணி டப்பாவில் வைத்துவிட்டுத்தான் எழுவேன், அவர் கையில் எதுவும் சிக்கக் கூடாது.

இரண்டு நாள் வேலைக்கு ஐந்து நாள் தவணை சொல்கிறேன். அவசரக் கல்யாண ஆர்டர் எடுப்பதில்லை. பிளவுஸ் அளவுக்கு வருமானம் இல்லை, ஆனால் இரண்டு மாதமாக ஒரு தேதியும் தவறவில்லை.