விசிறி அவனில் பிளம் கேக்

மார்த்தாண்டம் மைனி தந்த பிளம் கேக் குறிப்பு, விசிறி இல்லாத பழைய அவனுக்கானது: 180 டிகிரி, 1 மணி நேரம். எங்கள் விசிறி அவனில் மேலே கருகி வெடித்தது, நடுவில் மாவாகவே நின்றது. நேரத்தைக் குறைத்தால் நடு இன்னும் மோசம். அலுமினியத் தாள் மூடினால் காற்று தூக்கிவிட்டது.

துப்பு கொடுத்தது கேக்கின் மேடுதான். விசிறிப் பக்கம் தாழ்ந்து, கதவுப் பக்கம் உயர்ந்திருந்தது. ஓடும் சூடான காற்று விசிறிப் பக்கத்தை முதலில் இறுக்கிவிடுகிறது. உள்ளே மாவு அப்புறம் உப்பி, மேல்தோலைப் பிளக்கிறது.

சரி, 160 டிகிரி வைத்தேன். மேல் இறுகிய பிறகு, 40 நிமிடத்தில் தட்டைத் திருப்பினேன். 50 நிமிடத்திலிருந்து குச்சி குத்திப் பார்த்தேன். 55-இல் சுத்தமாக வந்தது. அப்பாடா! விசிறியை அணைக்க முடிந்தால் மைனியின் 180 அப்படியே போதும்.