காற்றடித்தால் ஆடிய மடைக் கதவு

நெல் வயலில் நீர் 5 செ.மீ. ஏறியதும் மடைக் கதவை மோட்டார் மூட வேண்டும். குறைந்தால் திறக்க வேண்டும். காற்று வீசிய நாளில் அது மூடித் திறந்து, திறந்து மூடி, மாலைக்குள் ரிலேவின் முனைகள் கருகிவிட்டன. நீர்மட்டம் அளக்கும் சென்சாரைத்தான் திட்டினேன். பாவம், அது அலையைச் சரியாகவே அளந்திருந்தது.

வரப்போரம் 4 அங்குல பிவிசி குழாயைச் செங்குத்தாகப் புதைத்து, அடியில் சிறு துளைகள் இட்டு, நைலான் வலை சுற்றினேன். உள்ளே நீர் அசையாமல் நிற்கிறது. சென்சாருக்குப் பதில் இரண்டு மிதவை சுவிட்சுகளை அதற்குள்ளேயே வைத்தேன்: 5 செ.மீ.யில் மூடும், 2 செ.மீ.க்கு இறங்கினால்தான் திறக்கும். இடையில் மோட்டார் அசையாது.

குழாய்க்குள் நீர் வயலைவிடத் தாழ்ந்து நின்றால், வலையில் சேறு அடைத்திருக்கிறது. கழுவிவிட்டால் போதும்.