திறந்த திகதியையும் எழுதிய பிறகுதான் பால்மா தப்பியது

கிளிநொச்சியில் எங்கள் வீட்டுக்கு மாதம் ஒருமுறைதான் பெரிய சாமான் வாங்குவோம். எல்லாவற்றின் முடிவுத் திகதியையும் போனில் ஒரு ஷீட்டில் எழுதி வைத்திருந்தேன். அப்படியும் போன வருடம் அரைப் பக்கற் பால்மா கட்டிப்பட்டு, காறல் மணத்தோடு குப்பைக்குப் போனது. ஷீட்டில் அதற்கு இன்னும் நான்கு மாதம் இருந்தது.

பக்கற்றைத் திருப்பிப் பார்த்தபோதுதான் விளங்கியது. அச்சடித்த திகதி திறக்காத பக்கற்றுக்கு. திறந்தால் 4 கிழமைக்குள் முடிக்கச் சொல்லிச் சின்ன எழுத்தில் இருந்தது.

சரி என்று ஷீட்டில் மூன்று நிரல் கூட்டினேன். B முன்பே இருந்த அச்சடித்த திகதி. புதிதாக C திறந்த திகதி, D திறந்தபின் தாங்கும் நாட்கள். E-இல் இது:

```
=IF(C2="", B2, MIN(B2, C2+D2))
```

இரண்டு திகதியில் முந்தியது வரும். 2025 ஜூன் 10-இல் திறந்த பால்மாவுக்கு 28 நாள் கூட்டினால் ஜூலை 8. அச்சில் இருந்ததோ நவம்பர் 20. விடை 45846 என்று எண்ணாக வந்தால் பயப்பட வேண்டாம், அந்த நிரலைத் திகதி வடிவத்துக்கு மாற்றினால் போதும்.

திறந்த திகதியை எழுத மறப்பதுதான் பெரிய சிக்கல். அதனால் டின் மூடியில் டேப் ஒட்டி, கத்தரிக்கோல் வைக்கிற இடத்திலேயே பேனையும் வைத்திருக்கிறோம். அம்மா மூடியில் எழுதுவார், இரவில் நான் ஷீட்டில் ஏற்றுவேன். கோதுமைமாவை மட்டும் ஷீட்டை நம்பி விடுவதில்லை. இந்த வெக்கைக்குத் திகதிக்கு முன்னமே வண்டு வந்துவிடும், கிழமைக்கு ஒருமுறை அரித்துப் பார்க்கிறோம்.